‘டயலெக்டிகல்’: இளையோர் பயிற்சி ஏட்டுக்குள் வந்த தத்துவச் சொல்

டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி, என்ற பெயரில் பின்னிரண்டு சொற்களும் தொல்லை தருவதில்லை; நடத்தை, சிகிச்சை என்று சொல்லிவிடலாம். முதற்சொல்தான் மொழிபெயர்ப்பாளரைத் தடுக்கி விழச் செய்கிறது. தம்மைத்தாமே காயப்படுத்திக்கொள்ளும் பதின்ம வயதினருக்காக இந்தச் சிகிச்சையின் திறன்களைத் தமிழில் பயிற்சி ஏடாக்குவோர், அந்தச் சொல்லைப் பெயரில் எப்படியாவது சமாளித்துவிட்டு உள்ளே மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அது வேலை செய்ய வேண்டிய இடம் அட்டை அல்ல, உள்ளே இருக்கும் பயிற்சித்தாள்களின் வாக்கியங்கள்.

கிரேக்கத்தில் இதன் வேர் ‘உரையாடுதல்’ என்ற வினை. கேள்வியும் பதிலுமாக உண்மையை நெருங்கும் கலையைப் பிளேட்டோ இந்தப் பெயரால் குறித்தார். பிறகு ஹெகல் வழியாக, எதிரெதிரான இரண்டு மோதி அவற்றிலிருந்து புதிய ஒன்று பிறக்கும் இயக்கம் என்ற பொருள் வந்தது; மார்க்ஸ் அதை வரலாற்றுக்குப் பொருத்தினார். தமிழில் ‘இயக்கவியல்’, ‘இயங்கியல்’ என்ற சொற்கள் அந்த மார்க்சிய வழியில் வந்தவைதாம்.

இந்தச் சிகிச்சையின் பெயருக்குள் இச்சொல்லைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்ஷா லினஹன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் உள்ள பெண்களிடம் அவர் முதலில் நடத்தையை மாற்றும் முறைகளை மட்டும் கையாண்டார். ‘அப்படியானால் தவறெல்லாம் என்னுடையதா?’ என்று அவர்கள் விலகினார்கள். சரி, ஏற்றுக்கொள்வதை மட்டும் முன்வைப்போம் என்று திரும்பினார். ‘என் துன்பம் மாறவே மாறாதா?’ என்று உடைந்தார்கள். ஏற்பையும் மாற்றத்தையும் ஒரே அமர்வில், ஒரே மூச்சில் வைத்தபோதுதான் சிகிச்சை நகர்ந்தது. அவருடைய செயலரின் கணவர் மார்க்சியத் தத்துவம் படித்தவராம். ‘உங்கள் முறை டயலெக்டிகலாக இருக்கிறது’ என்ற குறிப்பு அந்த வழியாக வந்ததாக லினஹனே சொல்லியிருக்கிறார். முதல் ஒப்பாய்வு 1991இலும் சிகிச்சைக் கையேடு 1993இலும் வெளிவந்தன. தாமும் இளவயதில் இதே துன்பத்தோடு மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011இல் அவர் வெளியே சொன்னார்.

ஆக ‘இயக்கவியல் நடத்தைச் சிகிச்சை’ வரலாற்றுப்படி தவறான பெயர் அல்ல. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை அந்தச் சொல்லைப் பார்ப்பது இயற்பியல் பாடநூலில். வேகமும் முடுக்கமும்தான் நினைவுக்கு வரும். ‘இருமுனை’ என்று வைக்கலாம் என்றால் அது வேறொரு மனநோயின் பெயராகிவிட்டது. என் பரிந்துரை ‘முரணிணைவு’. எதிர்ச்சொற்களை அடிகளிலோ சீர்களிலோ இணைத்து வைப்பதை முரண்தொடை என்று யாப்பு பழக்கியிருக்கிறது. முரண்பட்டவை சேர்ந்து நிற்பது நம் காதுக்குப் புதிதல்ல. முரணிணைவு நடத்தைச் சிகிச்சை என்று கட்டுரைகளில் எழுதலாம். இளையோர் ஏட்டின் அட்டையில் அதுகூட வேண்டாம்; ‘டிபிடி திறன் பயிற்சி ஏடு’ போதும்.

உள்ளே வருவோம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலுள்ள மான்டிஃபியோரே மருத்துவ மையத்தில் அலெக் மில்லரும் ஜில் ராத்தஸும் பெரியவர்களுக்கான இந்த முறையை 1990களில் இளையோருக்கு மாற்றியமைத்தார்கள். தாள்களைக் குறைத்தார்கள், மொழியை எளிதாக்கினார்கள், பெற்றோரையும் திறன் வகுப்பில் உட்காரவைத்தார்கள். முன்பிருந்த நான்கு பிரிவுகளோடு ‘நடுவழியில் நடத்தல்’ என்ற ஐந்தாவது பிரிவைச் சேர்த்தார்கள். பெற்றோர், பிள்ளை இருவர் பக்கத்திலும் உண்மை இருக்கலாம் என்பதைப் பழகும் பகுதி அது. டயலெக்டிகல் என்ற சொல் வீட்டுக்கூடத்துக்கு வந்த இடம்.

அதைத் தமிழில் எழுதும்போதுதான் வாக்கியம் காலை வாரும். ஆங்கிலத் தாள்கள் ‘ஆனால்’ என்ற பொருள் தரும் சொல்லை விலக்கச் சொல்கின்றன. அதை அப்படியே பெயர்த்து எல்லா இடத்திலும் ‘மற்றும்’ போட்டால் அரசு அறிவிக்கை போலாகிவிடும். தமிழில் இதற்கு எண்ணும்மை இருக்கிறது. ‘உன் கோபம் நியாயம்தான், ஆனால் நீ செய்தது சரியில்லை’ என்றால் முதற்பாதி செத்துவிடுகிறது. ‘உனக்குக் கோபம் வந்ததும் இயல்புதான், நீ எடுத்த வழி உனக்குக் கேடு செய்வதும் உண்மைதான்’ என்றால் இரண்டும் உயிரோடு நிற்கின்றன. சிகிச்சையின் மொத்தத் தத்துவமும் அந்த ‘உம்’மில் அடங்கிவிடுகிறது. எனக்கு இது கலைச்சொல்லைவிட முக்கியமாகப் படுகிறது.

பிரிவுத் தலைப்புகளிலும் கவனம் வேண்டும். நெருக்கடியைத் தாங்கும் திறன்கள் அடங்கிய பகுதிக்கு ‘துன்பம் பொறுத்தல்’ என்று பெயரிட்டால், ‘பொறுத்துப்போ’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்த பெண் ஏட்டை அப்போதே மூடிவிடுவாள். அந்தத் திறன்களின் நோக்கம் அந்தச் சில நிமிடங்களை மேலும் கெடுத்துக்கொள்ளாமல் கடப்பது. ‘நெருக்கடியைக் கடந்துவருதல்’ என்பதே பொருத்தம்.

ஏட்டில் மிகுந்த உழைப்புக் கோரும் தாள் சங்கிலிப் பகுப்பாய்வு. ஒரு நிகழ்வைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் பிரிப்பது அது. ‘ஏன் செய்தாய்?’ என்ற கேள்வி இதில் வரக்கூடாது. தமிழில் அது விசாரணை. ‘அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது?’, ‘அடுத்து உடம்பில் என்ன தெரிந்தது?’ என்றே தாள் கேட்க வேண்டும்.

கற்பனையாக ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவியின் தாளை நிரப்பிப் பார்ப்போம். முதல் கட்டம், அன்றைக்கு அவளை எளிதில் சாயக்கூடியவளாக்கியவை: இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை, மதியம் சாப்பிடவில்லை. தூண்டிய நிகழ்வு: தோழி அனுப்பிய செய்தியை அம்மா போனைப் பிடுங்கிச் சித்தப்பா முன்னால் உரக்கப் படித்தார். பிறகு கண்ணிகள். முகம் சுட்டது. ‘எல்லாரும் என்னைக் கேவலமாக நினைக்கிறார்கள்’ என்ற எண்ணம். அறைக்குள் போய்த் தாழிட்டாள். காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் ஐந்துக்கு இரண்டு. போன் அம்மாவிடம், ‘பேச யாருமில்லை’ என்ற எண்ணம். உந்துதல் ஐந்து. காயப்படுத்திக்கொண்டாள். விளைவு: சிறிது நேரம் மனம் அடங்கியது, அம்மா அழுதபடி வந்து போனைத் திருப்பித் தந்தார். மறுநாள் வெட்கம், அப்பாவின் மௌனம்.

விளைவுக் கட்டத்தைப் பாருங்கள். உடனே கிடைத்தவை இரண்டும் அவளுக்கு வேண்டியவை. கேடு பின்னால் மெதுவாக வந்தது. பழக்கம் ஏன் நிலைக்கிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. ‘கவனம் ஈர்க்கிறாள்’ என்ற வசையில் இல்லை.

அடுத்து, எந்தக் கண்ணியை அறுப்பது? ‘அம்மா படிக்காமல் இருந்திருக்க வேண்டும்’ என்பது விருப்பம், திறன் அல்ல. தாழிட்ட நேரம், உந்துதல் இரண்டில் இருந்தபோது, அவள் கையில் இருந்த வாய்ப்பு. அங்கே உடம்பின் கொதிப்பை இறக்கும் திறன் பொருந்தும்: குளிர்ந்த நீரில் மூச்சடக்கி முகத்தை அரை நிமிடம் அமிழ்த்துவது. நீரில் மூழ்கும்போது இதயத்துடிப்பைக் குறைக்கும் இயற்கையான எதிர்வினையை அது தூண்டுகிறது. இதயக் கோளாறோ உணவு உண்ணல் கோளாறோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்ற எச்சரிக்கை அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்கு, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டும் மூச்சு போதும். வலியைத் தரும் ‘மாற்று வழிகள்’ எதையும் ஏட்டில் சேர்க்கக்கூடாது என்பது என் கருத்து. அவை பழைய பாதையின் ஒத்திகை.

அம்மாவுக்கும் ஒரு தாள் உண்டு. ‘சித்தப்பா முன்னால் நான் படித்தது உன்னை அவமானப்படுத்தியிருக்கும், இரவில் போன் என்னிடம் இருப்பதும் தொடரும்’ என்று அவர் எழுதிப் பழக வேண்டும். போன் திரும்பக் கிடைப்பது காயத்தோடு முடிச்சுப்போடாமல், முன்பே பேசிய நேரத்தோடு இணைய வேண்டும். காயம் தெரிந்ததும் முதலுதவியும் துணையும் தருவதை இது தடுக்கவில்லை.

தாள் சரியாக வேலை செய்யவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘சண்டை, கோபம், செய்தேன்’ என மூன்றே கண்ணிகள் இருந்தால் நடந்தது இன்னும் பேசப்படவில்லை. உணர்ச்சிக் கட்டத்தில் எப்போதும் ‘டென்ஷன்’ என்று மட்டும் இருந்தால், அதன் கீழேயே அவமானம், பயம், ஆத்திரம், தனிமை என்று கிளை பிரித்துக் கொடுக்க வேண்டும். தினமும் உந்துதலுக்கு மதிப்பெண் போடும் நாட்குறிப்பு அட்டை ஏழு நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால், அது அமர்வுக்கு வரும் வழியில் நிரப்பப்பட்டது. நிகழ்ந்ததா என்பதற்கு ‘ஆம், இல்லை’ கட்டமும் தேதியும் போதும். எப்படி, எங்கே என்ற விவரத்துக்கு ஏட்டில் இடம் வைக்கவே கூடாது. இந்த ஏடுகள் தோழிகளின் கைக்குப் போகும், பதின்ம வயதில் இந்தப் பழக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். விவரம் சிகிச்சையாளரிடம் நேரில் பேச வேண்டியது.

ஏடு மட்டும் சிகிச்சை ஆகிவிடாது. முழுமையான டிபிடியில் தனி அமர்வு, திறன் குழு, நெருக்கடியில் தொலைபேசி வழிகாட்டல், சிகிச்சையாளர்களுக்கான ஆலோசனைக் குழு என நான்கு பகுதிகள் உண்டு. 2014இல் வெளியான ஆஸ்லோ ஆய்வில் 77 இளையோர் பங்கேற்றனர். 19 வாரம் டிபிடி பெற்றவர்களிடம் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது மேம்படுத்திய வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைந்தது. அது முழுச் சிகிச்சை. ஆஸ்திரேலியாவில் இதன் திறன்களை மட்டும் பிரித்து, தேவை உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவருக்குச் சில வாரங்கள் சொல்லிக்கொடுத்தபோது, அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடியதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எனவே வகுப்பறையில் எல்லாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கும் தாளாக இதை ஆக்கக்கூடாது.

ஏட்டின் முதல் பக்கத்தில் பெயர் எழுதும் கோட்டுக்குக் கீழே, சிகிச்சையாளரின் எண், நம்பும் பெரியவர் ஒருவரின் எண், இந்தியாவில் டெலி மனஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926 ஆகியவை அச்சிலேயே இருக்க வேண்டும். உந்துதல் ஐந்தை எட்டியபின் எந்தப் பிள்ளையும் பின்னிணைப்புப் பக்கத்தைத் தேடிப் புரட்டாது.