37 வீதம் கூட்டினால் 25 வீதம் நிற்காது

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தூள், மிளகு, கராம்பு என்று பக்கட் பண்ணி இணையத்தில் விற்கிறவர்களுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். "நல்லா விக்குது சேர், கையிலதான் ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் ஷீட்டைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். கமிஷனையும் இலாபத்தையும் அடக்கவிலையின் மேல் கூட்டியிருப்பார்கள்.

200 கிராம் தேயிலை ஒன்றைப் பார்ப்போம். தூள், உறை, லேபிள், கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 520 ரூபாய். தளத்தின் கமிஷன் 12 வீதம், விற்கும் விலையில் வேண்டிய இலாபம் 25 வீதம். இரண்டையும் சேர்த்து 37 வீதம் ஏற்றினால் விலை 712 ரூபாய் வரும். ஆனால் தளம் 12 வீதத்தை அந்த 712இல்தான் எடுக்கும், 520இல் அல்ல. கமிஷன் 85 ரூபாய் போக மிஞ்சுவது 107. விற்ற விலையில் அது 15 வீதம்தான்.

விலையிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். B அடக்கம், C கமிஷன், D வரி, E இலாபம் என்று நிரல்களை வைத்து, F2இல் இதைப் போடுங்கள்:

```
=CEILING(B2/((1-E2)/(1+D2)-C2),10)
```

D2இல் 0 இருந்தால் 825.40 வந்து, பத்து ரூபாய்க்கு மேல்நோக்கி 830 ஆகும். வற் பதிவு இல்லாதவர்கள் வற் அறவிட முடியாது, அதனால் அவர்களுக்கு 0தான். உறை வாங்கும்போது கொடுத்த வற்றை அடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். பதிவு உள்ளவர்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதைப் போட்டால் விலை 1,010. கமிஷன் வரி சேர்ந்த விலைக்கு எடுக்கப்படுவதாக இந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது; உங்கள் தளம் எப்படி எடுக்கிறது என்பதைக் கொடுப்பனவுப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் G2இல் ஒரு சோதனை:

```
=(F2/(1+D2)-F2*C2-B2)/(F2/(1+D2))
```

E2க்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ வந்தால் சரி. போட்டிக் கடையைப் பார்த்து F2இல் கையால் 750 என்று அடித்தால் இலாபம் எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதும் இங்கேயே தெரியும். வற் இல்லாதவருக்கு அது ஏறக்குறைய 19 வீதம். எனக்கு விலை நிரலைவிட இந்த நிரல்தான் முக்கியம்.

இரண்டு சூத்திரத்தையும் கீழே இழுத்துவிட்டால் அறுபது பொருள் இருந்தாலும் வேலை முடிந்தது. ஏதாவது ஒரு வரியில் விலை கழித்தல் குறியோடு வந்தால் முதலில் C நிரலைப் பாருங்கள். 12%க்குப் பதில் வெறும் 12 என்று அடித்திருப்பீர்கள். #VALUE! வந்தால் அடக்கத்தில் "ரூ. 520" என்று எழுத்தும் கலந்திருக்கும்.

ஓடருக்கு 30 ரூபாய் என்று தளம் ஒரு நிலையான தொகையும் எடுத்தால் அதை வீதத்தில் சேர்க்காமல் B நிரலில் கூட்டுங்கள். அப்போதுதான் 50 கிராம் மிளகுப் பக்கட்டைத் தனியாக விற்பது கட்டுமா, மூன்றாகக் கட்டி விற்க வேண்டுமா என்று தெரியும்.