பல்பின் கழுத்தில் எழுதியிருப்பது

எரிந்துபோன எல்இடி பல்பைப் போனில் படமெடுத்து, "இதே மாதிரி ஒன்று வாங்கி வாருங்கள்" என்று அனுப்பினால், படத்தில் பெரும்பாலும் தெரிவது வெள்ளையான குண்டுப் பகுதிதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 7 வாட்டும் 9 வாட்டும் ஒரே அச்சில் வார்த்த குண்டோடு வரலாம். மஞ்சள் வெளிச்சம் தருவதும் வெள்ளை வெளிச்சம் தருவதும் அணைந்திருக்கும்போது இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். தேவையான விவரம் முழுவதும் குண்டுக்கும் உலோக மூடிக்கும் நடுவே உள்ள பிளாஸ்டிக் கழுத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.

அந்த எழுத்து படத்தில் விழ, பல்பை அணைத்து, ஆறவிட்டு, கழற்றி, ஜன்னலோரம் கொண்டுபோங்கள். வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டில் சாய்ந்து விழட்டும். ஃபிளாஷ் வேண்டாம், வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது பட்டுத் தெறித்து எழுத்தை அழித்துவிடும். கழுத்து உருண்டை என்பதால் ஒரே படத்தில் முழு எழுத்தும் வராது. பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூன்று படம் எடுத்தால் எதுவும் விடுபடாது. அடியில் உள்ள உலோக மூடிக்கு இன்னொரு படம்.

இப்படி எடுத்த படம் ஒன்றில் கீழ்க்கண்டவாறு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
2W  220-240V~  50Hz
58mA  PF>0.9
1200lm  6500K
B22d
```

முதல் வரியைப் பார்த்தவுடன் இது 2 வாட் இரவு விளக்கு என்று முடிவு செய்துவிடத் தோன்றும். ஆனால் மூன்றாவது வரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. `lm` என்பது லூமன், அதாவது பல்பு எல்லாத் திசைகளிலும் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. வீட்டில் புழங்கும் எல்இடி பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். கொஞ்சம் கூடலாம், குறையலாம். 2 வாட்டில் 1200 லூமன் என்றால் வாட்டுக்கு 600 ஆகிறது. அப்படி ஒரு எல்இடி கிடையாது. அப்படியானால் 2-க்கு முன்னால் இருந்த இலக்கம் கைபட்டு அழிந்திருக்கிறது. அது 12-ஆ, 22-ஆ?

இரண்டாவது வரி அதைத் தீர்த்துவைக்கும். `58mA` என்பது பல்பு இழுக்கும் மின்னோட்டம், மில்லி ஆம்பியரில். `PF` என்பது பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையில் செலவாகும் பங்கு. 220-240-க்கு நடுவான 230 வோல்ட்டை எடுத்துக்கொண்டு, வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் மூன்றையும் பெருக்கினால் வாட் வந்துவிடும்:

```
W = V × A × PF
230 × 0.058 × 0.9 = 12.0
```

`>0.9` என்று போட்டிருப்பதால் பவர் ஃபேக்டர் அதற்கு மேலும் இருக்கலாம். முழுதாக 1 என்றே வைத்தாலும் 13.4 வாட்டைத் தாண்டாது. ஆகவே 22-க்கு இடமே இல்லை. இது 12 வாட் பல்பு. 1200 லூமனும் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. மங்கிய எழுத்தைப் படிக்க நான் நம்பும் வழி இதுதான்: கண்ணைச் சுருக்கி ஊகிப்பதைவிட, தெளிவாகத் தெரியும் எண்களைக் கொண்டு தெரியாத எண்ணைக் கண்டுபிடிப்பது.

இந்தக் கணக்கில் பவர் ஃபேக்டரை விட்டுவிட்டால் ஏமாந்துபோவோம். வேறொரு 12 வாட் பல்பில் `104mA PF 0.5` என்று இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் மட்டும் பெருக்கினால் 24 வருகிறது. உடனே "12 என்று போட்டு 24 வாட் இழுக்கிறது, ஏமாற்று" என்று தோன்றும். உண்மையில் அந்தப் பல்புக்குள், வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற சுற்று எளிமையான வகை. மின்னழுத்த அலை உச்சிக்கு வரும் சிறு நேரத்தில் மட்டும் வெடுக்கென்று மின்சாரத்தை இழுத்து, உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொண்டு, மீதி நேரம் சும்மா இருக்கும். அதனால் ஓட்டம் அதிகமாகத் தெரிகிறது, ஆனால் செலவாகும் திறன் 12 வாட்தான். வீட்டு மீட்டர் அந்த 12 வாட்டைத்தான் கணக்கில் எடுக்கும். கூடுதல் ஓட்டத்தின் சுமை வயருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகிறது.

அட்டைப் பெட்டியைப் படம் பிடித்து அனுப்புபவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பெட்டியில் பெரிதாக 60W என்று இருந்தால், அது பழைய குண்டு பல்புக்குச் சமமான வெளிச்சம் என்பதைச் சொல்கிறதே தவிர, இந்தப் பல்பின் வாட்டை அல்ல. கழுத்தில் 60 என்று இருக்காது. அதேபோல `R-` என்று தொடங்கி எட்டு இலக்கத்தில் ஓடும் எண்ணும் `IS 16102` என்பதும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு சார்ந்தவை. அந்த `R-` எண்ணை BIS Care செயலியில் தட்டிப் பார்த்தால் பதிவு யாருடையது என்று தெரியும். பல்பில் உள்ள பெயரும் செயலி காட்டும் பெயரும் வேறாக இருந்தால், மற்ற எண்களையும் நம்பி வாங்காதீர்கள்.

அடுத்து நிறம். `6500K` என்பதில் உள்ள K கெல்வின். இரும்பைக் கொல்லன் உலையில் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், மேலும் சூடேறினால் வெளுக்கும். அந்த வரிசையை வெப்பநிலையோடு சேர்த்து வைத்த அளவுகோல் இது. பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை உண்மையாகவே 2700 கெல்வின் அளவுக்குச் சூடாகி, அந்த மஞ்சளைத் தந்தது. எல்இடியில் எதுவும் அப்படிக் காய்வதில்லை. நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சின் கலவையை மாற்றி, "இவ்வளவு சூடான பொருள் என்ன நிறத்தில் ஒளிருமோ அந்த நிறம்" என்று அமைக்கிறார்கள். எனவே எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளையாகிறது. 2700, 3000 என்றால் வார்ம் ஒயிட், மஞ்சள் வெளிச்சம். 4000 நடுத்தர வெள்ளை. 6500 கூல் டேலைட். நம் ஊர்க் கடைகளில் ஒன்றும் சொல்லாமல் "வெள்ளை பல்பு" கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் 6500-தான்.

சில பல்புகளிலும் பல டியூப்களிலும் K இல்லாமல் `865` என்றோ `830` என்றோ மூன்று இலக்கம் மட்டும் இருக்கும். பின் இரண்டு இலக்கத்தோடு இரண்டு பூஜ்யம் சேர்த்தால் கெல்வின் கிடைக்கும்: 65 என்றால் 6500, 30 என்றால் 3000. முன்னால் உள்ள 8, நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற மதிப்பெண் 80-க்கு மேல் 90-க்குள் இருப்பதைச் சொல்கிறது. இதை 865 வாட் என்று படித்துக் குழம்பியவர்கள் உண்டு.

எழுத்து சுத்தமாக அழிந்திருந்தால், எரிகிற பல்பின் படத்தைப் பார்த்து நிறத்தைச் சொல்லலாமா? கூடாது. போன் கேமரா தானாகவே வெள்ளைச் சமன் செய்கிறது. மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்தால் மஞ்சளைக் குறைத்து, நீல வெளிச்சத்தில் எடுத்தால் நீலத்தைக் குறைத்து, சுவரை வெள்ளையாகக் காட்டப் பார்க்கும். அதனால் 3000-உம் 6500-உம் தனித்தனிப் படத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியலாம். இதற்கு ஒரே வழி, எண் தெரிந்த இன்னொரு பல்பைப் பக்கத்தில் எரியவிட்டு இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது. அப்போது எது அதிக மஞ்சள் என்று சொல்லலாம்; அப்போதும் கெல்வின் எண்ணைச் சொல்ல முடியாது.

ஹோல்டருக்கு வருவோம். `B22d` என்பதில் B என்றால் அழுத்தித் திருப்பும் பின் வகை, 22 என்பது மூடியின் விட்டம் மில்லிமீட்டரில், d என்பது அடியில் இரண்டு தொடுபுள்ளி. எழுத்தே இல்லாவிட்டாலும் மூடியின் பக்கத்தில் எதிரெதிரே இரண்டு பின்னும், அடியில் இரண்டு ஈயப் பொட்டும் தெரிந்தால் அது B22d. நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள ஹோல்டர் இதுதான். மூடியில் மரை இருந்தால் `E27` அல்லது `E14`. இரண்டிலும் எண் என்பது மரையின் விட்டம். தனிப் படத்தில் இந்த இரண்டையும் பிரிப்பது சிரமம், ஏனென்றால் E14 மூடி சிறிய பல்போடு வருவதால் உருவ விகிதம் ஒன்றுபோலவே தெரியும். படமெடுக்கும்போது பக்கத்தில் ஒரு 10 ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். மரை நாணயத்தின் அகலமே இருந்தால் E27, பாதிதான் இருந்தால் E14.

மூடி பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சோலார், பேட்டரி இணைப்புக்கான `12V DC` பல்புகள் இதே B22d மூடியோடு கிடைக்கின்றன. ஹோல்டரில் அழகாக உட்காரும். சுவிட்சைப் போட்டால் 230 வோல்ட் ஏறி அந்த நொடியே கருகும். ஆகவே படத்தில் `220-240V~` கண்ணில் படாதவரை ஒப்புதல் சொல்லாதீர்கள். அந்த நெளிகோடு மாறுதிசை மின்சாரத்தின் குறி.

டியூப் லைட்டில் கேள்வியே வேறு. இப்போது கடையில் "எல்இடி டியூப் லைட்" என்று தருவது பெரும்பாலும் பட்டியும் விளக்கும் ஒன்றாகச் சேர்ந்தது. அதற்கு ஹோல்டரே கிடையாது. இரண்டு வயரை இணைத்துச் சுவரில் மாட்ட வேண்டியதுதான். பழைய பட்டியில் டியூபை மட்டும் மாற்றுவதாக இருந்தால்தான் `T8`, `G13` என்ற எழுத்துகள் வேண்டும். T8 என்பது எட்டில் எட்டுப் பங்கு அங்குலம், அதாவது ஓரங்குலத் தடிமன். G13 என்பது முனையில் உள்ள இரண்டு பின்னுக்கு இடையே 13 மில்லிமீட்டர். மெலிந்த T5-இல் அந்த இடைவெளி 5 மில்லிமீட்டர், குறி `G5`. நீளம் 4 அடி என்றால் சுமார் 1200 மில்லிமீட்டர்.

இங்கே தவறு நடப்பது வயரிங்கில். பழைய பட்டியில் மின்சாரம் டியூபின் இரு முனைகளுக்கும் போகும், வழியில் சோக்கும் ஸ்டார்ட்டரும் இருக்கும். எல்இடி டியூபில் அதிகம் காண்பவை இரண்டு வகை. ஒன்று, சோக்கை அப்படியே விட்டு, பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, டியூபோடு வரும் எல்இடி ஸ்டார்ட்டரைப் போடும் வகை. அது பார்க்க ஸ்டார்ட்டர், உள்ளே வெறும் ஃபியூஸ். மற்றொன்று, ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையின் இரண்டு பின்னுக்கு நேராக வர வேண்டிய வகை. அந்த முனையில் `L` `N` என்று ஒட்டியிருக்கும். இதற்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு வயரை மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக் சோக் இருந்தால், அதற்கேற்றது என்று டியூபில் தெளிவாக எழுதியிராதவரை, அதையும் நீக்க வேண்டியதுதான்.

இந்த இரண்டாவது வகையைத் தலைகீழாக மாட்டினால் என்ன ஆகும்? பல டியூப்களில் மறுமுனையின் இரண்டு பின்னும் உள்ளுக்குள்ளேயே இணைந்திருக்கும். அங்கே ஃபேஸும் நியூட்ரலும் வந்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட். எம்சிபி விழும், ஹோல்டர் கருகலாம். அதனால் டியூபைப் படமெடுக்கிறவர் நடுவில் உள்ள எழுத்தோடு நிற்காமல், இரண்டு முனைகளையும் தனித்தனியாக, ஒட்டுவில்லை தெரியும்படி எடுத்து அனுப்ப வேண்டும். வயரை மாற்றிய பட்டியிலும், மின்சாரம் வரும் ஹோல்டருக்குப் பக்கத்தில் அழியாத மையால் `L N` என்று எழுதிவையுங்கள். அடுத்து ஏணியில் ஏறுபவர் அந்த மாற்றத்தைப் பற்றி அறியாதவராக இருக்கலாம்.