மெத்தென்ற வில்லை டைல்ஸைக் கீறுவது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "டைல்ஸ் போட்ட கையோடு நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் வில்லை ஒட்டினோம். ஆறேழு மாதம் ஒரு கீறலும் இல்லை. இப்போது நாற்காலி இழுபடும் இடத்தில் மட்டும் நீளநீளமாகக் கீறல். மெத்தென்ற துணி எப்படி டைல்ஸைக் கீறும்?"

துணி கீறுவதில்லை, மணல்தான் கீறுகிறது. கடற்கரையும் கன்டெய்னர் லாரிகளும் பக்கத்திலேயே இருக்கும் வட சென்னையில், காலையில் பெருக்கிய தரை மதியமே நறநறக்கும். அந்த மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. பளபளப்புப் பூச்சுள்ள டைல்ஸ் பெரும்பாலும் 5, 6 அளவில் நிற்கும். சாதாரண இரும்பு இன்னும் கீழே. அதனால்தான் பீரோவின் இரும்புக் காலை இழுத்தால் டைல்ஸில் பல நேரம் கீறல் விழாமல், இரும்பு தேய்ந்து சாம்பல் நிறக் கோடு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் குறுக்கே வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது கீறல், வழுக்கிச் சென்றால் வெறும் கறை.

வாசகியின் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த "ஆறேழு மாதம்". புது வில்லையில் இழைகள் தளர்வாகப் பின்னிக் கிடக்கும். மணல் துகள் அடியில் அகப்பட்டால் இழைகளுக்கு நடுவே அமிழ்ந்துவிடும். நாற்காலியின் எடையை முழு வில்லையும் பகிர்ந்து தாங்குவதால் துகள்மேல் பாரம் விழாது. வில்லை தரையைக் காப்பது இப்படித்தான். ஆனால் உள்ளே போன மணல் வெளியே வருவதில்லை. உட்கார்ந்து எழ எழ இழைகள் நசுங்குகின்றன. தரை துடைக்கும் ஈரமும் அழுக்கும் சேர்ந்து அவற்றைக் கெட்டியாக்குகின்றன. அதன்பின் வரும் துகளுக்கு அமிழ இடமில்லை, தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அறுபது கிலோ எடையுள்ளவர் உட்கார்ந்தால் ஒரு காலுக்குச் சுமார் 15 கிலோ. அதைப் பத்துத் துகள்கள் மட்டும் தாங்கினால் ஒவ்வொன்றின்மேலும் ஒன்றரைக் கிலோ, அதுவும் ஊசி முனையளவு இடத்தில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு கடினமான பரப்புகளுக்கு நடுவே அகப்பட்ட மணல் பெரும்பாலும் உருண்டு ஓடும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழி போடும். ஒரு பக்கம் மென்மையாக இருந்தால் துகள் அதில் புதைந்து பிடி கிடைத்து, ஒரே முனையால் எதிர்ப்பக்கத்தை நீளமாக உழுதுகொண்டே போகும். மெத்தென்ற வில்லை தேயாமல் தப்பிக்கிறது, கடினமான டைல்ஸ்தான் அறுபடுகிறது! இரத்தினக்கல் பட்டை தீட்டுபவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். மென்மையான செம்புத் தட்டில் வைரத்தூளை அழுத்திப் பதித்துச் சுழற்றினால், செம்பைவிடப் பன்மடங்கு கடினமான கல் தேய்கிறது. வாசகி வீட்டு நாற்காலியின் கீழே இருப்பதும் இப்போது ஓர் உப்புத்தாள்தான்.

சோதிக்க வேண்டுமா? நாற்காலியைக் கவிழ்த்து, வில்லைமேல் செலோ டேப்பை அழுத்தி உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மின்னும் புள்ளிகள் நிறைய வந்தாலோ, விரலால் அழுத்தும்போது வில்லை அமுங்கவில்லை என்றாலோ, கழற்றி எறியுங்கள். கழுவிக் காயவைத்தாலும் நசுங்கிய இழைகள் பழையபடி எழும்புவதில்லை.

பீரோவின் கதை வேறு. அது எப்போதோ ஒருமுறைதான் நகரும், பெரும்பாலும் வாஸ்து பார்ப்பவர் வந்து போன பிறகு. கன்னி மூலைக்குப் போன பீரோவில் பணம் சேர்ந்ததற்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. டைல்ஸில் சேர்ந்த கோடுகளைக் கண்டிருக்கிறேன். துணிமணியோடு 120 கிலோ இருக்கும் பீரோவை இரும்புக் காலோடு தள்ள ஏறத்தாழ 45, 50 கிலோ விசை வேண்டும். காலியாக்கிப் பாதி எடையாக்கி, காலுக்கடியில் டெஃப்லான் வில்லை வைத்தால் ஆறேழு கிலோ விசை போதும். டெஃப்லானும் மென்மையானதுதான், அதிலும் மணல் புதையும். ஆகவே முதலில் போகும் வழியைப் பெருக்கி ஈரத்துணியால் துடையுங்கள். வில்லை கிடைக்காவிட்டால் துவைத்த கம்பளத்தை மடித்து வையுங்கள். இடுப்புக்குக் கீழே கை வைத்துத் தள்ளுங்கள். மேலே தள்ளினால் பீரோ சாயும்.

சக்கரம் பொருத்தலாமா என்றும் வாசகி கேட்கிறார். நேராக உருளும் சக்கரம் மணலை இழுப்பதில்லை, மிதித்துத் தாண்டிப் போகிறது. வம்பு திரும்பும்போதுதான். அகலமான சக்கரம் நின்ற இடத்திலேயே திரும்பினால் அதன் விளிம்புகள் தரையில் தேயும், பதிந்திருக்கும் மணல் பிறை வடிவில் கீறும். அலுவலக நாற்காலியின் கீழே அந்தப் பிறைகளைப் பார்க்கலாம். ஆகவே திருப்புவதற்கு முன் ஓர் அங்குலமாவது உருட்டிவிட்டுத் திருப்புங்கள், சக்கரத்தில் சுற்றிய முடியையும் தூசியையும் அவ்வப்போது எடுங்கள். டைல்ஸ் இணைப்புகளில் சிக்காமலிருக்கச் சற்றுப் பெரிய சக்கரமாகவே வாங்குங்கள்.