இரண்டே பார் நீளக் கரு: பாஹின் சி மைனர் ஃபியூக் எப்படி நெய்யப்படுகிறது

பாஹ் 1722-இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளாவியர்’ என்ற விசைக்கருவித் தொகுப்பின் முதல் நூலில் இரண்டாவது ஃபியூக் மூன்று குரல்களுக்கானது. ஃபியூக் என்பது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்; குரல் என்பது இங்கே விசைகளில் ஒலிக்கும் தனித்தனி இசைவரி. மொத்தம் 31 பார், அதாவது 31 தாளச் சுற்றுதான். ஃபியூக்கைக் காதால் பின்தொடரப் பழக இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

முதலில் நடுக்குரல் தனியாக வருகிறது. அரைத்தட்டு மௌனம், பிறகு இரண்டு வேகமான சுரங்கள், ஒரு நெடில். சி-யை ‘ஸ’ என்று வைத்துக்கொண்டால், தொடக்கம் ‘ஸ நி ஸ’, அங்கிருந்து கீழே ‘ப’. இரண்டு பார் நீளும் இந்த மெட்டுதான் கரு. மூன்றாவது பாரில் மேல்குரல் அதையே பஞ்சமத்துக்கு ஏற்றிப் பாடுகிறது. இதற்குப் ‘பதில்’ என்று பெயர்.

பதில் அச்சு அசலான நகல் இல்லை. அப்படியே ஏற்றியிருந்தால் ‘ப ம ப ரி’ என்று வர வேண்டும் (ம இங்கே பிரதி மத்யமம்). பாஹ் எழுதியது ‘ப ம ப ஸ’. கருவில் ஸ-விலிருந்து ப-வுக்குப் போன பாதை, பதிலில் ப-விலிருந்து ஸ-வுக்குத் திரும்புகிறது. ‘ரி’யைத் தொட்டிருந்தால் இசை சட்டென்று ஜி மைனருக்குள் விழுந்திருக்கும், ஒரே ஒரு சுரத்தை மாற்றியதால் ஆதார சுருதி இன்னும் சற்று நேரம் காதில் நிற்கிறது.

மேல்குரல் பதில் பாடும்போது நடுக்குரல் ஓய்வதில்லை. வேகமாக இறங்கும் ஒரு வரிசையில் தொடங்கி, அது கருவுக்குத் துணையாக ஒலிக்கும் மெட்டான எதிர்க்கருவைப் பாடுகிறது. ஐந்தாம், ஆறாம் பார்கள் ஜி மைனரிலிருந்து வீடு திரும்பும் பாலம். ஏழாவது பாரில் கீழ்க்குரல் கருவோடு நுழைய, எதிர்க்கரு மேல்குரலுக்குப் போகிறது. நடுக்குரலுக்கு இரண்டாவது எதிர்க்கரு கிடைக்கிறது.

நெசவின் நுட்பம் 11-வது பாரில் தெரிகிறது. இப்போது ஈ ஃபிளாட் மேஜரில் கரு மேலே, முதல் எதிர்க்கரு அடியில். மேலிருந்தது கீழே போயும் இசை கெடவில்லை, ஏனென்றால் தலைகீழாகும் என்று தெரிந்தே எழுதப்பட்டது. இதில் பெரிய பொறி பஞ்சம இடைவெளி. கீழே ஸ, மேலே ப என்றால் இனிமை. இடம் மாற்றி ப கீழே வந்தால் அது நான்காம் இடைவெளி. அடிக்குரலின் மேல் அது முடியாத வாக்கியம்போல் தொங்கும், அந்தக் கால இலக்கணத்தில் அது தீர்க்கப்பட வேண்டிய முரண். அதனால் இப்படி எழுதுபவர்கள் மூன்றாம், ஆறாம் இடைவெளிகளையே அதிகம் நம்புகிறார்கள். தலைகீழாகும்போது அவை ஒன்று மற்றொன்றாகும், இரண்டுமே இனிமை.

கேட்பவருக்குக் கரு தவறிப்போவது பெரும்பாலும் 15-வது பாரில்தான். அங்கே அது நடுக்குரலில் ஒளிந்திருக்கிறது, காதோ பழக்கத்தில் மேல்குரலையே பிடித்துக்கொள்கிறது. சுரத்தைத் தேடாமல் ‘இரண்டு குறில், ஒரு நெடில்’ என்ற தாளத்தைத் தேடுங்கள். ஆனால் 9, 10-ஆம் பார்கள் போன்ற இடைப்பகுதிகள் ஏமாற்றும்: கருவின் தலை மட்டும் மேல்குரல்கள் இரண்டுக்கும் இடையே கைமாறும், முழுக் கரு வராது.

பியானோவில் சிலர் கரு வரும்போதெல்லாம் அதை ஓங்கி அடிக்கிறார்கள். அது தவறான உதவி, எதிர்க்கரு அமுங்கிவிடும். பாஹ் காலத்து விசைக்கருவியான ஹார்ப்சிகார்டில் விரலை அழுத்தி ஒரு குரலைத் தனியே உரக்க ஒலிக்கவைக்க முடியாது. அதில் ஒருமுறை கேளுங்கள். 29-வது பாரில், கீழே ஸ நீளமாக நிற்க, மொத்தத்தில் எட்டாவது முறையாக வரும் கருவை மேல்குரல் பாடி மேஜர் கார்டில் முடிக்கிறது.