ஊசலை யார் எண்ணினார், யார் எழுதினார்?

இயற்பியல் ஆய்வகத்தில் நான்கு பேர் கொண்ட குழு என்றால், ஒருவர் கருவியைத் தொடுவார், ஒருவர் எழுதுவார், மீதி இருவர் கடைசியில் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஆய்வகப் பயிற்சி நடத்துகிறவன் என்ற முறையில் ஆண்டுதோறும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்மையில் ஒரு மாணவி, தனி ஊசல் சோதனைக்கு முந்தின நாள் தன் குழுவுக்கு அனுப்பிய செய்தியைக் காட்டினார். அவர் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்.

“நாளைக்குத் தனி ஊசல். போன சோதனையில் இரண்டு பேர்தான் கருவியைத் தொட்டோம், மற்ற இருவர் பார்த்து எழுதினீர்கள். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாமா? நான்கு வேலை இருக்கிறது: நீளத்தை அளந்து ஊசலை ஆட்டிவிடுவது, அலைவை எண்ணுவது, ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, எழுதுவது. ஒரு நீளம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வேலை நகர்ந்துகொள்வோம். யார் எண்ணினார், யார் நேரம் பார்த்தார் என்று அட்டவணையிலேயே எழுதிவிடலாம். நேராக நோட்டில், பேனாவில். ரஃப் தாள் வேண்டாம். ஏதாவது எண் ஒத்துவராமல் போனாலும் அழிக்க வேண்டாம், காரணத்தைப் பக்கத்தில் எழுதுவோம். யாராவது வர முடியாவிட்டால் இன்றைக்கே சொல்லுங்கள், அவர் பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று போட்டுவிடலாம்.”

நல்ல செய்தி. இதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்றுதான்: நீளத்தை அளப்பவரும் மாறிக்கொண்டே இருப்பது.

ஊசலின் நீளம் என்பது நூல் கட்டப்பட்ட புள்ளியிலிருந்து குண்டின் நடுவரை. குண்டின் விட்டம் 2 செ.மீ. என்றால், நூலின் நீளத்தோடு 1 செ.மீ. ஆரத்தையும் சேர்க்க வேண்டும். எல்லா நீளத்துக்கும் இதைச் சேர்க்க மறந்தால்கூடப் பெரிய சேதம் இல்லை. அலைவுநேரம் T-இன் வர்க்கத்துக்கும் நீளம் L-க்கும் போடும் வரைபடத்தில் கோடு சுழிப்புள்ளி வழியாகப் போகாது, ஆனால் சாய்வு மாறாது. அதிலிருந்து வரும் புவியீர்ப்பு முடுக்கம் g சரியாகவே இருக்கும்.

சிக்கல், பாதி நீளத்தை ஒருவர் குண்டின் நடுவரை அளந்து, மீதியை இன்னொருவர் குண்டின் உச்சிவரை மட்டும் அளக்கும்போது வருகிறது. 60, 70, 80 செ.மீ. சரியாக அளக்கப்பட்டவை, 90, 100, 110 என்று எழுதியவை உண்மையில் 91, 101, 111 என்று வையுங்கள். முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையே உண்மையான வேறுபாடு 51 செ.மீ., நோட்டில் இருப்பது 50. 9.8 வர வேண்டிய g சுமார் 9.6 என்று வரும். தனித்தனியே பார்த்தால் எந்த எண்ணும் தப்பாகத் தெரியாது. ஆளுக்கு மூன்று நீளம் என்று பிரித்துக்கொள்வதை மாணவர்கள் நியாயமான பங்கீடு என்று நினைக்கிறார்கள். அதில்தான் இந்தக் கோளாறு அதிகம். ஆகவே வேலைகள் சுற்றி வரட்டும், நீளத்தை மட்டும் ஒருவரே அளக்கட்டும். அப்படி முடியாது என்றால், எங்கிருந்து எங்குவரை என்பதை நால்வரும் முதல் வாசிப்புக்கு முன்பே நோட்டின் மேல் பகுதியில் படம் போட்டு எழுதிவிட வேண்டும்.

“ஒத்துவராமல் போனாலும் அழிக்க வேண்டாம்” என்ற வரிக்கு அந்தக் குழுவுக்கே மறுநாள் வேலை வந்துவிட்டது. 100 செ.மீ. நீளத்துக்கு 20 அலைவுக்கான நேரம் முதல் முறை 40.2 நொடி, இரண்டாம் முறை 38.1, மூன்றாம் முறை 40.0. வழக்கமாக இந்த இடத்தில் ரப்பர் வெளியே வரும், 38.1 சத்தமில்லாமல் 40.1 ஆகிவிடும். இல்லையென்றால் மூன்றையும் அப்படியே சராசரி எடுப்பார்கள். சராசரி 39.4 நொடி, அதிலிருந்து g ஏறக்குறைய 10.15. “கருவி சரியில்லை சார்” என்று என்னிடம் வருவார்கள்.

இவர்கள் 38.1-ஐ அப்படியே விட்டிருந்தார்கள். மற்ற இரண்டின் சராசரி 40.1. வித்தியாசம் 2.0 நொடி. இந்த நீளத்துக்கு ஓர் அலைவுக்கு ஆகும் நேரமும் 2.0 நொடிதான். அதாவது, 20 என்று சொன்னது உண்மையில் 19 அலைவு. ஸ்டாப்வாட்சை அழுத்தும் நொடியில் “ஒன்று” என்று எண்ணத் தொடங்கினால் இப்படித்தான் ஆகும். அந்த நொடியில் சொல்ல வேண்டியது “சுழி”. அட்டவணையில் பெயர் இருந்ததால், அந்த வாசிப்பில் எண்ணியவர் யார் என்பதும் தெரிந்தது. அவரே “நான் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்” என்று சொல்லிவிட்டார். குறை சொல்லப் பெயர் தேவையில்லை, யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் என்ன செய்வது? 38.1-ஐ 19-ஆல் வகுத்தால் 2.005 நொடி அழகாக வருகிறது, அதையே பயன்படுத்தலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். 19 என்பது நம் ஊகம். விடை நமக்குப் பிடித்தமாதிரி வருகிறது என்பதற்காக ஊகத்தை அளவீடாக ஆக்கக் கூடாது. 38.1 மேல் ஒற்றைக் கோடு, எண் படிக்கும்படி. பக்கத்தில் “எண்ணிக்கை 19 என்று ஐயம், சுமார் ஓர் அலைவுநேரம் குறைவு” என்ற குறிப்பு. நான்காவது முறையாக மறுபடி ஓர் அளவீடு. காரணம் சொல்ல முடியாத ஒத்துவராத எண் வந்தால்? கோடு போடவும் கூடாது. அதையும் சேர்த்தே கணக்கிட்டு, மேலும் சில முறை அளந்து பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு எண்களே பல விஷயங்களைச் சொல்லிவிடும். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்சில் நொடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு சிதறல் இயல்பு. ஒரே நீளத்துக்கு மூன்று முறையும் 40.12, 40.12, 40.12 என்றிருந்தால் அந்தப் பக்கத்தில் நிறுத்திவிடுவேன். ஆறு நீளத்துக்கும் g சரியாக 9.80 என்றால் அது விடையிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு. மூன்றாவது வாசிப்பு எப்போதும் முதல் இரண்டின் நடுவில் விழுந்தால், எழுதுகிறவர் பழைய எண்களை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இதில் பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணம் இருப்பதில்லை. “போன தடவை 40.2” என்று காதில் விழுந்ததும் விரல் அதை எதிர்பார்த்தே அழுத்துகிறது. அதனால் எழுதுகிறவர் வாய் திறக்காமல் எழுத வேண்டும். நேரம் பார்ப்பவர் திரையில் தெரிவதை முழுவதுமாகச் சொல்ல வேண்டும். சுருக்குவதெல்லாம் கணக்குப் போடும்போது.

ரஃப் தாள் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 78.6 பார்த்து எழுதும்போது 76.8 ஆகும், தாள் தொலையும், பிறகு சரிபார்க்க ஒன்றும் இருக்காது. 

வராதவர் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. நண்பருக்காகப் பெயர் சேர்ப்பதை மாணவர்கள் உதவியாக நினைக்கிறார்கள். வராதவர் இந்தத் தரவை வைத்துக் கணக்கும் வரைபடமும் போடலாம், அதற்கு நான் தடை சொல்வதில்லை. “அளவீடு குழுவினருடையது, கணக்கு என்னுடையது” என்று அவர் எழுதிவிட்டால் போதும். ஆனால் அளவீட்டு அட்டவணையில் அவர் பெயர் இருந்தால், 38.1 பற்றி அவரிடம் கேட்பேன்.

இரண்டு பேர் மட்டும் உள்ள குழுவுக்கு இந்தச் செய்தி அப்படியே பொருந்தாது. எண்ணுவதும் ஸ்டாப்வாட்ச் பிடிப்பதும் ஒருவர் கையிலேயே வந்துவிடும், எண்ணிக்கைத் தவறைப் பிடிக்க இன்னொரு காது இருக்காது. அப்படிப்பட்ட குழுக்களிடம் இருவரும் சேர்ந்தே வாய்விட்டு எண்ணச் சொல்கிறேன், ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு வாசிப்பையாவது ஆள் மாற்றி எடுக்கச் சொல்கிறேன்.