கடன் செயலியில் மொழிபெயர்ப்பு எங்கே நின்றுவிடுகிறது

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய தெரு ஒன்றில் கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துகிறேன். ஜவுளிக் கடைக்காரர்களும் அவர்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர்களும்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஜி.எஸ்.டி. கணக்கைக் கொடுக்க வருபவர்கள், கைப்பேசியில் வந்திருக்கும் கடன் நிபந்தனைகளையும் காட்டி "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நிபந்தனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நான் படித்துச் சொல்வதைவிட அவர்களே படித்துக்கொள்வது நல்லது என்பதால், திரையில் உள்ள எழுத்தை அந்த இடத்திலேயே தமிழில் பார்க்கும் வழியைக் கற்றுக்கொடுக்கிறேன். அந்த வழி எங்கே கைவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பணம் போவது அந்த இடங்களில்தான்.

முதலில் வழி. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் டிரான்ஸ்லேட் செயலி இருக்க வேண்டும். ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது நிறம் மாறி, இருபுறமும் இரண்டு பிடிகள் தோன்றும். அவற்றை இழுத்துத் தேவையான வரிகளைத் தேர்ந்தெடுத்தால் மேலே சிறு பட்டியல் வரும். `Copy`, `Share` ஆகியவற்றுக்குப் பின்னால், பெரும்பாலும் மூன்று புள்ளிகளுக்குள், `Translate` இருக்கும். அதைத் தொட்டால் செயலியை விட்டு வெளியேறாமலேயே சிறு பெட்டியில் தமிழ் வந்துவிடும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இந்த வசதி இருக்கிறது. குரோமில் திறந்த இணையப் பக்கத்தில் இது நன்றாக வேலை செய்கிறது.

கொருக்குப்பேட்டையில் வீட்டிலேயே இரண்டு தையல் இயந்திரங்கள் வைத்து ரவிக்கை தைக்கும் பெண் ஒருவர், செயலி மூலம் 50,000 ரூபாய் கடன் வாங்க இருந்தார். நான் சொல்லிக்கொடுத்தபடி நிபந்தனைகளைப் பத்தி பத்தியாகத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்திருந்தார். "முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் கிடையாது என்று வருகிறது அண்ணா, தீபாவளி வேலை முடிந்ததும் அடைத்துவிடுவேன்" என்றார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. அவர் தேர்ந்தெடுத்த பகுதி அந்த வாக்கியத்தின் பாதிதான். ஆறு தவணை கட்டியிருந்தால் மட்டுமே கட்டணம் இல்லை என்ற மீதிப் பாதி அடுத்த கட்டத்தில் இருந்தது.

இப்படி நேர்வதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்கு ஒரே பக்கமாகத் தெரிவது, செயலிக்குள் பல தனித்தனிக் கட்டங்களாக இருக்கலாம். அப்படி இருந்தால் தேர்ந்தெடுக்கும் பிடி ஒரு கட்டத்தின் விளிம்போடு நின்றுவிடும். எவ்வளவு இழுத்தாலும் அடுத்த கட்டத்துக்குள் நுழையாது. அதோடு, ஆங்கிலத்தில் முடிவை முதலில் சொல்லிவிட்டு நிபந்தனையைக் கடைசியில் வைப்பது சாதாரணம். தமிழில் "ஆறு தவணை கட்டியிருந்தால்" என்று நிபந்தனை முன்னால் வந்து, வினைமுற்றோடு வாக்கியம் முடியும். ஆங்கில வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தால், அது குறையே இல்லாத முழுத் தமிழ் வாக்கியமாக வந்து நிற்கும். மொழிபெயர்ப்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுத்த பகுதியின் கடைசியில் முற்றுப்புள்ளி இருக்கிறதா? இல்லையென்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. ஆங்கிலமே படிக்கத் தெரியாதவரும் புள்ளியைப் பார்த்துவிடலாம்.

அடுத்த தடை கடைசிப் பக்கத்தில் வந்தது. வட்டி, கட்டணம், கைக்கு வரும் தொகை எல்லாம் அங்கேதான் இருந்தன. அழுத்திப் பிடித்தால் எதுவும் நடக்கவில்லை. கைப்பேசி பழுது என்று அவர் நினைத்தார். ஆண்ட்ராய்டில் எழுத்தைக் காட்டும் சாதாரணக் கட்டம், செயலியை எழுதியவர் தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய, தேர்ந்தெடுக்க விடாது. பெரும்பாலும் இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை; அனுமதியைச் சேர்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. ஆனால் கடன் வாங்குபவருக்கு மிகவும் தேவையான பக்கம் அப்படி இருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

திரையைப் படமெடுத்துப் படத்திலிருந்து மொழிபெயர்க்கலாமே என்று முயன்றோம். படமெடுக்க முடியாது என்ற அறிவிப்பு வந்தது. சில கைப்பேசிகளில் வெறும் கறுப்புப் படம் வரும். வங்கி, கடன் செயலிகள் `FLAG_SECURE` என்ற பாதுகாப்பை வைத்திருந்தால், வேறு எந்தச் செயலியும் அந்தத் திரையைப் படம் பிடிக்க முடியாது. திருட்டுச் செயலிகள் கடவுச்சொல்லைப் பார்த்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது, அவசியமானதும்கூட. அதைத் தாண்ட வழி சொல்கிறோம் என்று வரும் செயலிகளை நிறுவவே கூடாது.

மிச்சமிருப்பது இரண்டு வழிகள். வீட்டில் உள்ள இன்னொரு கைப்பேசியின் கேமராவை அந்தத் திரைக்கு நேராகப் பிடித்து, கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமரா வசதியில் பார்க்கலாம். ஆனால் அட்டவணைகளில் வரிகள் இடம் மாறி, ஒரு கட்டணத்தின் பெயர் வேறொரு தொகைக்கு எதிரே வந்துவிடக்கூடும். எண்களை மூலத் திரையிலேயே சரிபார்க்க வேண்டும். இன்னொரு வழி, ஆவணத்தை பி.டி.எஃப். கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வது. கோப்பில் ஒரு சொல்லை அழுத்திப் பிடித்தால் பிடிகள் வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால் அது ஸ்கேன் செய்த காகிதமாக இருக்கலாம். அப்படியானால் உள்ளே எழுத்து இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது.

தமிழ்க் கோப்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பில் கண்ணுக்கு "தமிழ்" என்று தெரியும். தேர்ந்தெடுத்தால் கைக்கு வருவது `jkpo;`. அதை எந்த மொழிபெயர்ப்பியாலும் படிக்க முடியாது.

அந்தப் பெண்ணின் கடைசிப் பக்கத்தை இருவரும் கையால் எழுதிக் கணக்குப் போட்டோம். ஆண்டு வட்டி 24 சதவீதம், 12 மாதத் தவணை, மாதம் 4,728 ரூபாய். பரிசீலனைக் கட்டணம் 1,500, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 270. கைக்கு வருவது 48,230. ஆனால் வட்டியோ 50,000க்கு. இந்தக் கழிவையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 31 சதவீதம். அந்தப் பக்கத்தில் `APR` என்ற மூன்று எழுத்துக்கு எதிரே இருந்த எண் அதுதான். வட்டி விகிதத்தைப் பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

எழுத்தைத் தேர்ந்தெடுத்து `Translate` தொடும்போது, இணையம் இருந்தால் அந்த எழுத்து வெளியே உள்ள கணினிக்குப் போய்வரக்கூடும். கணக்கு எண், ஆதார் எண் உள்ள வரிகளை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

மொழிபெயர்ப்பு நின்றுவிடும் இடத்தில் கடன் வாங்குபவர் கையில் ஓர் உரிமை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் வெளியிட்டு, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் `Key Facts Statement` என்ற சுருக்க அறிக்கை தர வேண்டும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதைக் கொடுத்த பின், ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் உள்ள கடனுக்குக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அந்த நிபந்தனைகள் மாறாமல் செல்லுபடியாக இருக்க வேண்டும். அந்தப் பெண் தமிழில் வேண்டும் என்று மின்னஞ்சல் எழுதிக் கேட்டார். மறுநாளே தமிழ் அறிக்கை வந்தது. ஆறு தவணை நிபந்தனை அதில் ஒரே வரியில் இருந்தது. அவர் அந்தக் கடனை வாங்கவில்லை.

கேட்டும் தமிழில் தர மறுத்தால், முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் `cms.rbi.org.in` தளத்தில் புகாரைப் பதியலாம்.