ஒரு மணி நேரக் கூட்டத்தின் விலை

செலவுக் கணக்காளராக நான் பார்க்கும் நிறுவனங்கள் பலவற்றில், கூட்டத்திற்கு ஆகும் செலவைக் கேட்டால் தேநீர், பிஸ்கட் பில்லைத்தான் காட்டுகிறார்கள். சம்பளத்தைக் கணக்கில் எடுப்பவர்களும் கைக்கு வரும் மாதச் சம்பளத்தை முப்பது நாளுக்கும் எட்டு மணி நேரத்திற்கும் வகுத்து விடுகிறார்கள். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, போனஸ் ஆகியவை இதில் விடுபடுகின்றன. விடுமுறை நாட்களோ வேலை நாட்களாகிவிடுகின்றன. ஆகவே உண்மைத் தொகையைவிடக் குறைவாகவே விடை வரும்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் 365 நாட்களில் 52 ஞாயிறுகள், தமிழகச் சட்டப்படியான 9 தேசிய, பண்டிகை விடுமுறைகள், ஊழியர் எடுக்கும் 24 நாள் விடுப்பு ஆகியவை போக 280 நாட்கள், அதாவது 2,240 மணி நேரம் மிஞ்சும். திங்கட்கிழமை உற்பத்திக் கூட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் செலவாகும் பொது மேலாளர் ஒருவர், 15 லட்சத்தில் மேலாளர்கள் இருவர், 6 லட்சத்தில் பொறியாளர்கள் நால்வர், 3.6 லட்சத்தில் சூப்பர்வைசர்கள் மூவர் அமர்கிறார்கள். பத்துப் பேருக்குமான மொத்தம் 100.8 லட்சம், அதை 2,240 ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்திற்கு ரூ.4,500 வருகிறது. வேலை நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் தனித்தனியாக வகுக்கத் தேவையில்லை. இருவர் மட்டும் அமரும் கூட்டத்தின் தொகையை அறிவிப்பது ஒருவர் சம்பளத்தை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பதாகும் என்பதால், பதவி நிலைக்கு ஒரு சராசரி விகிதம் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த ரூ.4,500 ஐச் சேமிப்பாக எண்ணுவது தவறு. கூட்டத்தை ரத்து செய்தாலும் சம்பளப் பட்டியல் ஒரு ரூபாயும் குறையாது. அந்த நேரத்தில் நடந்திருக்க வேண்டிய வேலை நின்றதா என்பதே கேள்வி. அங்கேதான் சம்பளக் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது.

மூன்று சூப்பர்வைசர்களும் சேர்ந்து அந்தத் தொகையில் ஏறத்தாழ ரூ.480 மட்டுமே. ஆனால் அவர்களில் ஒருவர் கையெழுத்திடாமல் சோதனை மேடையிலிருந்து பம்ப் நகராது என்றால், எட்டுத் தொழிலாளர்கள் அந்த ஒரு மணி நேரம் காத்திருப்பார்கள். இழந்த நேரத்தை மாலையில் ஓவர்டைமில் ஈடுகட்டினால், மணிக்கு ரூ.100 என்ற கூலி இரட்டிப்பாகி எட்டுப் பேருக்கு ரூ.1,600 கையிலிருந்து போகும். ஈடுகட்டவும் நேரமில்லை, ஆர்டரும் காத்திருக்கிறது என்றால், மணிக்கு 12 பம்ப், ஒவ்வொன்றிலும் மாறும் செலவு போக ரூ.900 என, ரூ.10,800 நழுவுகிறது. சோதனை மேடைக்கு அடுத்த கட்டத்தில் கையிருப்பு இருந்தாலோ, ஆர்டர் மந்தமாக இருந்தாலோ இந்த இழப்பு ஏறத்தாழ இல்லை. ஆகவே இதை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிக் காட்டும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

கூட்ட அழைப்பிலிருந்து யாரையாவது நீக்குவதென்றால் பொது மேலாளரின் ரூ.1,607 ஐப் பார்த்துத் தொடங்காமல், திங்கள் காலை பத்து மணிக்குச் சோதனை மேடையில் தேங்கி நிற்கும் பம்புகளை எண்ணிவிட்டு, அந்தச் சூப்பர்வைசரைக் கடைசிப் பத்து நிமிடத்திற்கு மட்டும் அழைத்துப் பாருங்கள்.